முறுக்கு சுட்டவருக்கு எவ்வளவு, பார்சல் கட்டியவருக்கு எவ்வளவு?

ஜெலுத்தோங்வாசி

வணக்கம். பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் ஃப்ளாட்டைச் சேர்ந்த எட்டுப் பெண்கள் ஒன்றரை வருடமாக ஆன்லைனில் சேர்ந்து விற்கிறோம். இரண்டு பேர் முறுக்கு, ஒருவர் கறித்தூள், ஒருவர் இட்லிப்பொடி, ஒருவர் எலுமிச்சை ஊறுகாய், ஒருவர் நெய் உருண்டை, ஒருவர் துணிப்பை தைக்கிறார். எட்டாவது ஆள் நான். நான் எதையும் செய்து விற்பதில்லை. ஆன்லைன் கடை என் பெயரில் இருக்கிறது. ஆர்டர் பார்ப்பது, வாட்ஸ்அப்பில் பதில் சொல்வது, கணக்கு எழுதுவது என் வேலை.

ஆரம்பத்தில் வந்த பணத்தை எட்டாகப் பிரித்தோம். மாதம் இருபது முப்பது பார்சல் போன காலத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. போன தீபாவளிக்கு மூன்று வாரத்தில் 140 பார்சல். பாதிக்கு மேல் முறுக்கு. முறுக்கு சுடும் அக்கா ஒருவர், "எண்ணெய்ச் சட்டி முன்னால் வெந்து சாகிறவள் நான், எல்லாருக்கும் ஒரே பங்கா?" என்று கேட்டுவிட்டார். கேட்டது நியாயம்தான். அடுத்த மாதத்திலிருந்து அவரவர் பொருள் விற்ற பணம் அவரவருக்கு என்று மாற்றினோம்.

இப்போது பேக்கிங்குக்கு ஆள் வருவதில்லை. "என் பை ஒன்றுதான் போகிறது, நான் எதற்கு இருபது பார்சல் கட்ட வேண்டும்?" அதுவும் நியாயம்தான். கடைசியில் இரவு பதினொரு மணிக்கு நானும் என் மகளும் டேப் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

இன்னொரு தலைவலி. ஒரே ஆர்டரில் மூன்று பேருடைய பொருள் இருக்கும். தளம் கமிஷன், பரிவர்த்தனைக் கட்டணம் எல்லாவற்றையும் மொத்த ஆர்டருக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பும். யாருடைய பங்கில் எவ்வளவு கழிப்பது? போன மாதக் கணக்கில் 214 வெள்ளி உதைக்கிறது. பார்சல் போனதுமே எல்லாருக்கும் பணம் கொடுத்துவிட்டேன், என் கைக்கு வந்தது குறைவு. அந்த 214 என் சொந்தக் காசு.

இப்படிச் சேர்ந்து விற்கிறவர்கள் எப்படிப் பிரிக்கிறீர்கள்?

பிறை பையன்

அக்கா, பார்த்து இருங்க. கூட்டு பிடிப்பது இங்கே சட்டப்படி குற்றம். 1971லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். எங்கள் அம்மா பட்டர்வொர்த்தில் கூட்டு கட்டி, பிடித்தவர் ஓடிவிட்டார். போலீசில் சொல்லவும் பயம். எட்டுப் பேர் பணம் ஒருவர் கையில் என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

ஜெலுத்தோங்வாசி

தம்பி, இது சீட்டுக் கூட்டு இல்லை. மாதா மாதம் பணம் போட்டு ஏலம் எடுப்பதெல்லாம் கிடையாது. பொருள் விற்ற பணம். அம்மாவுக்கு நடந்ததைக் கேட்க வருத்தமாக இருக்கிறது. ஆனால் "ஒருவர் கையில்" என்று சொன்னீர்களே, அது எனக்கே உறுத்துகிற விஷயம்தான்.

பழைய கிராணி

முப்பது வருடம் தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுதியவன் நான். இதில் குழம்ப ஒன்றுமில்லை. ஆர்டரில் எத்தனை பொருள் இருக்கிறது என்று எண்ணுங்கள். தளம் பிடித்த பணத்தை அந்த எண்ணிக்கையால் வகுத்து, ஒவ்வொரு பொருளிலும் கழித்துவிடுங்கள். பேக்கிங்குக்கு மணிக்கணக்கில் சம்பளம் போடுங்கள். வந்தவருக்குக் காசு, வராதவருக்கு இல்லை. இரண்டு நோட்டுப் புத்தகம் போதும்.

செந்தூல்அக்கா

ஜெலுத்தோங் தங்கச்சி, கோலாலம்பூரில் நாங்கள் பதினொரு பேர். ஆறு வருடம் ஆகிறது. அடித்துப் பிடித்து இரண்டு முறை உடைந்து, மறுபடி சேர்ந்த குழு. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் கிராணி அண்ணன் சொன்ன வழி. மன்னிக்கணும் அண்ணே, நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். பொடி போடுகிறவர் மூன்றாம் மாதமே நின்றுவிட்டார். ஏன் என்று ஓர் ஆர்டரை வைத்தே காட்டுகிறேன். முறுக்கு இரண்டு டப்பா 36 வெள்ளி, கறித்தூள் ஒரு பாக்கெட் 14, இட்லிப்பொடி ஒரு பாக்கெட் 10. மொத்தம் 60. கடை கொடுத்த வவுச்சர் 3 வெள்ளி, தளம் பிடித்தது 7.80. இரண்டும் சேர்த்து 10.80 போய், கைக்கு வருவது 49.20.

நான்கு பொருள் என்று வகுத்தால் ஒவ்வொன்றுக்கும் 2.70 கழியும். 18 வெள்ளி முறுக்கு அதைத் தாங்கும். 10 வெள்ளிப் பொடியில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். தளம் பிடிப்பதில் பெரும்பகுதி விலையில் சதவீதமாகத்தான் பிடிக்கிறது. அதனால் நாமும் விலையைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். 60க்கு 49.20 வந்தது என்றால் ஒவ்வொரு வெள்ளிக்கும் 82 காசு. முறுக்கு 29.52, கறித்தூள் 11.48, பொடி 8.20. கூட்டிப் பாருங்கள், 49.20 வரும்.

எத்தனை சதவீதம் கமிஷன் என்று தேடி வைத்துக்கொண்டு கணக்குப் போடாதீர்கள். அது அடிக்கடி மாறும், ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் வேறு வேறு. ஆர்டரைத் திறந்து, கடைசியில் எவ்வளவு விடுவித்தார்கள் என்ற ஒரே எண்ணை எடுங்கள். அதிலிருந்து பின்னோக்கிப் பிரியுங்கள்.

அடுத்தது பேக்கிங். மணிக்கணக்கு எங்களிடம் ஒரே வாரம்தான் ஓடியது. ஒரு மணி நேரத்தில் பதினைந்து பார்சல் கட்டுகிறவரும், டீ குடித்துக் கதை பேசி ஐந்து கட்டுகிறவரும் ஒரே சம்பளம் வாங்கினார்கள். இப்போது புள்ளிக் கணக்கு. உடையக்கூடிய டப்பா, போத்தல் எதுவானாலும் 3 புள்ளி. மெத்தென்ற பாக்கெட் 1 புள்ளி. ஒரு புள்ளிக்கு 40 காசு, அதைப் பொருளின் சொந்தக்காரர் கொடுக்கிறார். 25 காசு கட்டியவருக்கு, 15 காசு பெட்டி, பபிள்ரேப், டேப் வாங்க.

மேலே சொன்ன பார்சலில் டப்பா இரண்டு, பாக்கெட் இரண்டு. 8 புள்ளி, 3.20 வெள்ளி. முறுக்குக்காரர் 2.40 தருகிறார், மற்ற இருவரும் ஆளுக்கு 40 காசு. தன் பார்சலைத் தானே கட்டினால் அந்த 25 காசு அவருக்கே திரும்பி வரும். வேலை அதிகம் தரும் பொருள் அதிகம் கட்டுகிறது, பை தைக்கிறவர் யாருக்கும் ஓசியில் உழைப்பதில்லை. "எதற்கு வர வேண்டும்" என்ற கேள்வி எங்களிடம் அதோடு நின்றது. இப்போது "எனக்கு ஏன் குறைவாகக் கொடுத்தாய்" என்று சண்டை, அது வேறு.

மீதி 46 வெள்ளியில் 5 சதவீதம், அதாவது 2.30, பொது உண்டியலுக்கு. லேபிள், இன்டர்நெட், ரீஃபண்ட் எல்லாம் அதிலிருந்து. ஆர்டர் பார்க்கிறவருக்கு ஒரு ஆர்டருக்கு 1 வெள்ளியும் அதிலிருந்துதான். நீங்கள் சும்மா செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதை நிறுத்துங்கள். சும்மா செய்கிறவர் ஒரு நாள் கோபித்துக்கொண்டு போனால் கடையும் கூடவே போகும்.

கடைசியில் முறுக்குக்காரர் கைக்கு இந்த ஆர்டரில் 25.76. டப்பா ஒன்றுக்கு 12.88. அவரிடம் முதலிலேயே கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "உன் கைக்கு எவ்வளவு வந்தால் கட்டுப்படியாகும்?" அதற்கு மேல் இந்தக் கழிவுகளை ஏற்றித்தான் 18 என்ற விலை வர வேண்டும். பெரும்பாலான குழுக்கள் பக்கத்துக் கடை விலையைப் பார்த்துப் போட்டுவிட்டு அப்புறம் அழுகின்றன.

பழைய கிராணி

சரிதான், பொருள் எண்ணிக்கையில் வகுப்பது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். செக்ரோலில் எல்லாரும் ஒரே கூலி, அந்தப் பழக்கம். எக்செல்லில் போடுகிறவர்களுக்கு: B2 முதல் B4 வரை மூன்று பேருடைய பொருள் விலை, E1இல் தளம் விடுவித்த பணம் என்று வைத்துக்கொண்டால் C2இல் இதை எழுதிக் கீழே இழுத்தால் போதும்.

```
=ROUND(B2/SUM(B$2:B$4)*E$1,2)
```

சில ஆர்டரில் ஒரு காசு கூடும் அல்லது குறையும். அதைப் பொது உண்டியலில் சேர்த்துவிடுங்கள். ஒரு காசுக்காக நான் ஒரு ராத்திரி தூங்காமல் இருந்திருக்கிறேன்.

சட்டிக்காரி

நானும் முறுக்கு சுடுகிறவள்தான், சுங்கை பட்டாணி பக்கம். செந்தூல் அக்கா கணக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் ஓர் ஓட்டை இருக்கு. ஒரே ஒரு பொடிப் பாக்கெட் கேட்டு ஆர்டர் வந்தால் 1 புள்ளி, கட்டுகிறவருக்கு 25 காசு. பெட்டி எடுக்கணும், சீட்டு அச்சடித்து ஒட்டணும், கூரியரில் கொண்டுபோய்ப் போடணும். 25 காசுக்கு யார் எழுந்து வருவார்? பொது உண்டியலிலும் 39 காசுதான் விழும். அதில் ஆர்டர் பார்க்கிறவருக்கு 1 வெள்ளி எப்படித் தருவது?

இன்னொன்று. முறுக்கு நொறுங்கினால் சுட்டவள் மேல் பழி போடுகிறார்கள். பாதி நேரம் தப்பு பேக்கிங்கில்தான். டப்பாவில் மேலே இடம் விட்டால் முறுக்கு உள்ளே ஆடும், ஆடினால் உடையும். மூடிக்குக் கீழே உணவுக்கான தாளைச் சுருட்டி அழுத்தி வைத்தால் ஆடாது. பெட்டியை ஒட்டுவதற்கு முன் காதோரம் வைத்து ஒரு குலுக்கு. கலகல என்று கேட்டால் பிரித்து மறுபடி கட்டு. எங்கள் வீட்டில் இதற்கு என் மாமியார்தான் இன்ஸ்பெக்டர்.

சுட்டவள் தப்பும் உண்டு, மறைக்கவில்லை. சூடு ஆறாமல் டப்பாவில் போட்டு மூடினால் உள்ளே வேர்த்துவிடும். மூன்றாம் நாள் நமத்துப்போன முறுக்கு. மூடியின் உள்பக்கம் விரலால் தடவிப் பார்த்தால் தெரியும்.

செந்தூல்அக்கா

சட்டிக்காரி பிடித்துவிட்டார். எங்கள் கடையில் 25 வெள்ளிக்குக் குறைந்து ஆர்டர் எடுப்பதில்லை, அதனால் இந்த ஓட்டை எங்கள் கண்ணில் படவே இல்லை. பெரிய தளத்தில் அப்படித் தடுப்பது கஷ்டம். 10 வெள்ளிப் பொடியைத் தனியாகப் போடாமல் மூன்று பாக்கெட் சேர்த்து ஒரே பொருளாக ஏற்றலாம். இல்லையென்றால் எந்தப் பார்சலானாலும் 2 அடிப்படைப் புள்ளி வைத்துப் பாருங்கள். அதை யார் கொடுப்பது என்பதை நீங்களே பேசி முடிவு செய்யணும்.

ஊசிநூல்

நான் கிள்ளானில் பிளவுஸ் தைக்கிறேன். எங்கள் குழுவில் மற்ற ஐந்து பேரும் பலகாரம். என் பார்சல் ஒரு பாலிபேக்கில் போட்டு ஒட்டினால் முடிந்தது, அரைப் புள்ளி கூட வராது. ஆனால் அளவு தப்பு என்று திரும்பி வந்தால் முழுப் பணமும் போச்சு, அந்த பிளவுஸை இன்னொருவருக்கு விற்கவும் முடியாது. பொது உண்டியல் தரும் என்கிறார்கள் தோழிகள். என்னால் எல்லார் பணமும் போகிறதே என்று எனக்குக் கூச்சம். நீங்கள் பைக்கு என்ன செய்கிறீர்கள்? விற்காமல் தேங்கிய பைகளுக்கு யார் பொறுப்பு?

செந்தூல்அக்கா

அளவு கொடுத்துத் தைக்கும் துணியைப் பொதுக்கடையில் போடாதீர்கள் தங்கச்சி. வாட்ஸ்அப்பில் அளவை எழுதி வாங்கி, முன்பணம் எடுத்துக்கொண்டு தையுங்கள். தேங்கிய சரக்கு எங்களிடம் செய்தவருடையதுதான், விற்றால்தான் காசு. குழு முன்கூட்டி வாங்கி வைப்பது கிடையாது.

திரும்பி வரும் பார்சலுக்கு எங்களிடம் ஒரே கேள்வி: எங்கே தப்பு? பெட்டியை ஒட்டுமுன் திறந்தபடி ஒரு படம், ஒட்டிய பின் சீட்டு தெரிய இன்னொரு படம். கட்டியவர் எடுத்துக் குழுவில் போட்டுவிட வேண்டும். பொருள் கெட்டிருந்தால் செய்தவர் பங்கு போகும். குலுங்கி உடைந்திருந்தால் பேக்கிங் பணத்திலிருந்து. வழியில் காணாமல் போனால் கூரியரிடம் கேட்டு வாங்கப் பார்ப்போம், கிடைக்காவிட்டால் உண்டியல். ஊறுகாய் கசிந்து மொத்த ஆர்டருக்கும் பணம் திருப்பினால், தப்பில்லாத மற்ற இருவருக்கும் உண்டியல் பங்கைக் கொடுத்துவிடும். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

ஜெலுத்தோங்வாசி

அக்கா, 214 எங்கே போனது என்று இப்போது தெரிந்துவிட்டது. நேற்று ஆர்டர் ஆர்டராகத் திறந்து பார்த்தேன். மூன்று பார்சல் ரீஃபண்ட், அதில் ஒன்று நீங்கள் சொன்னது மாதிரியே ஊறுகாய் கசிந்து கறித்தூளில் ஊறியது. மூன்றும் சேர்த்து 151 வெள்ளி. மீதி 63, நானே போட்ட வவுச்சர். அதைக் கழிக்காமல் முழு விலைக்குப் பங்கு கொடுத்திருக்கிறேன். தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றியது.

பணம் எப்போது கொடுக்கிறீர்கள்? தீபாவளி சமயத்தில் எண்ணெய் மாவுக்குக் காசு வேண்டும் என்று எல்லாரும் உடனே கேட்கிறார்கள்.

செந்தூல்அக்கா

பார்சல் போன நாளில் ஒருபோதும் கொடுக்காதீர்கள். வாங்கியவர் கிடைத்தது என்று அழுத்திய பிறகு, அல்லது அதற்கான நாட்கள் முடிந்த பிறகுதான் தளம் பணத்தை விடுவிக்கும். அதுவரை அது நம் பணம் இல்லை. ஞாயிறு இரவு வரை விடுவித்த ஆர்டர்களை மட்டும் எடுத்து, திங்கள் கணக்கு, செவ்வாய் பட்டுவாடா. கணக்குத் தாளைப் படம் எடுத்து எல்லாரும் இருக்கும் குழுவில் போட்டுவிட்டுத்தான் பணம் அனுப்பணும். வாய்க்கணக்கு வேண்டாம்.

தீபாவளிக்கு உண்டியலில் இருந்து முன்பணம் தருவோம், சரக்கு வாங்க மட்டும். ஆளுக்கு 150 வெள்ளிக்கு மேல் இல்லை. எழுதி வைத்து, அப்புறம் வரும் பங்கில் பிடித்துக்கொள்வோம். முன்பணம் வேறு, பங்கு வேறு. இரண்டையும் கலந்தால் உங்கள் 214 மாதிரி ஆகும்.

உங்களிடம் முறுக்கு இரண்டு பேர் என்றீர்களே. ஆர்டரை எப்படிக் கொடுக்கிறீர்கள்?

ஜெலுத்தோங்வாசி

ஒரு ஆர்டர் இவருக்கு, அடுத்தது அவருக்கு. அதிலும் சண்டைதான். ஒருவருக்கு ஒரு டப்பா ஆர்டர் வந்த நாளில் இன்னொருவருக்கு ஆறு டப்பா ஆர்டர் வந்தது. "வேண்டுமென்றே கொடுத்தாய்" என்றார். இதற்கு நடுவில் ஒரு வாடிக்கையாளர் மூன்று நட்சத்திரம் கொடுத்து, "போன தடவை நன்றாக இருந்தது, இந்தத் தடவை கடிக்க முடியவில்லை" என்று எழுதிவிட்டார். யாருடைய முறுக்கு என்று எனக்கே தெரியவில்லை.

செந்தூல்அக்கா

ஆர்டரை எண்ணாதீர்கள், டப்பாவை எண்ணுங்கள். இவருக்கு 14, அவருக்கு 9 என்று நடப்பு எண்ணிக்கை ஒரு தாளில் இருக்கட்டும். அடுத்த ஆர்டர் குறைவாக இருப்பவருக்கு. ஆறு டப்பா வந்தால் ஆறும் ஒருவருக்கே போகட்டும், ஒரே பெட்டியில் இரண்டு கைப்பக்குவம் கலக்கக் கூடாது. அதற்கப்புறம் வருவது மற்றவருக்கு, எண்ணிக்கை சமமாகும் வரை. ஒருவர் ஊருக்குப் போனால் அந்த நாட்களை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். இல்லையென்றால் திரும்பி வந்ததும் "எனக்கு முப்பது டப்பா பாக்கி" என்பார். எங்களிடம் நடந்தது.

யாருடையது என்று தெரிய டப்பா அடியில் மார்க்கர் பேனாவால் ஒரு எழுத்தும் சுட்ட தேதியும். க-14 என்று இருந்தால் இன்னார் பதினான்காம் தேதி சுட்டது. புகார் வந்தால் அடியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

ஆனால் அடிப்படைச் சிக்கல் அதுவல்ல. இருவரையும் ஒரே நாளில், ஒரே மாவில், ஒரே அச்சில் சுட வைத்து, யாருடையது என்று சொல்லாமல் மற்றவர்களைச் சாப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் ஒரே பெயரில் விற்கலாம். தெரிந்தால் இரண்டு பொருளாகவே போட்டுவிடுங்கள், தேங்காய்ப்பால் முறுக்கு, பூண்டு முறுக்கு என்று. அப்புறம் பங்கீடே தேவையில்லை, வாங்குகிறவர் தேர்ந்தெடுப்பார்.

சட்டிக்காரி

இதில் எனக்கு உடன்பாடு இல்லை அக்கா. இரண்டாகப் பிரித்தால் முதலில் நல்ல விமர்சனம் வாங்கியவருக்கே எல்லா ஆர்டரும் போகும். எங்கள் குழுவில் புதிதாக வந்த ஒரு தங்கச்சிக்கு நான்கு மாதத்தில் பதினோரு டப்பா. கைப்பக்குவம் என்னைவிட நன்றாகவே இருந்தது. பழைய விமர்சனம் எல்லாம் என் பொருள் மேல். அவர் போய்விட்டார். அப்படிப் பார்த்தால் குழு எதற்கு?

செந்தூல்அக்கா

அது உண்மைதான். பதில் எனக்கும் சரியாகத் தெரியவில்லை. புதியவருக்கு முதல் இரண்டு மாதம் பழைய பெயரிலேயே பங்கு கொடுத்துப் பார்த்தோம். ஒரு முறை நன்றாகப் போனது, ஒரு முறை புகார் வந்தது.

பழைய கிராணி

ஒன்று சொல்ல மறந்தேன். கடை, பேங்க் கணக்கு எல்லாம் ஜெலுத்தோங் அம்மா பெயரில் இருப்பது சரியில்லை. விற்பனை முழுதும் அவர் வருமானம் மாதிரித் தெரியும், வருமான வரிக்காரர் கேட்டால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். எஸ்எஸ்எம்மில் கூட்டுத்தொழிலாகப் பதிந்துவிடுங்கள். இருபது பேர் வரை சேரலாம். பதிந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

செந்தூல்அக்கா

பதிவது நல்லதுதான் அண்ணே, ஆனால் அதோடு தீராது. நாங்கள் பதிந்தபோது அங்கே உதவி செய்த ஒருவர் எச்சரித்தார். பங்காளிகள் எழுதி வைக்காவிட்டால் 1961ஆம் வருடத்துக் கூட்டுத்தொழில் சட்டப்படி லாபமும் நஷ்டமும் எல்லாருக்கும் சமம். அதாவது தங்கச்சி எந்தச் சண்டையிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறாரோ அங்கேயே போய் நிற்பார். அதனால் விலை விகிதம், புள்ளி, 5 சதவீதம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எட்டுப் பேரும் கையெழுத்துப் போடணும். கடன் வந்தால் ஒருவர் கட்டாவிட்டாலும் மற்றவர்களைக் கேட்பார்கள் என்பதையும் சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். எங்களில் இரண்டு பேர் அதைக் கேட்டதும் பங்காளியாக வேண்டாம், பொருள் மட்டும் தருகிறோம் என்றார்கள். அதுவும் சரிதான்.

பிறை பையன்

அப்போ நான் முதலில் சொன்னது முழுக்கத் தப்பில்லை போல.

ஜெலுத்தோங்வாசி

தம்பி, கூட்டு என்று சொன்னது தப்பு, பயந்தது சரி. வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம், கேட்கவே சங்கடமாக இருக்கிறது. போன வாரம் ஒரு பெட்டியை ஒட்டும்போது முறுக்கு டப்பா மூடிக்குள் துண்டுச் சீட்டு பார்த்தேன். அந்த அக்காவின் சொந்த போன் நம்பர், "நேரா வாங்கினா 15 வெள்ளி" என்று. எடுத்து வைத்திருக்கிறேன், யாரிடமும் காட்டவில்லை. பார்த்தால் பாவமாகவும் இருக்கிறது. செந்தூல் அக்கா கணக்குப்படி 18க்கு விற்றால் அவர் கைக்கு 13 கூட வராது, நேராக விற்றால் 15 முழுசாக வரும்.

ஊசிநூல்

எங்கள் குழுவில் இதைச் செய்ததற்காக ஒருவரை வெளியே அனுப்பினோம். கடை எல்லாருடையது, வாடிக்கையாளரும் எல்லாருடையவர்.

சட்டிக்காரி

அனுப்புவது சுலபம். வாங்குகிறவர் தேடி வருவது அவள் கைப்பக்குவத்துக்காகத்தானே? உணவு லேபிளில் தயாரிக்கிறவர் அல்லது பேக் செய்கிறவர் பெயர், முகவரி எப்படியும் போடணும். தேடுகிறவர் அப்படியும் கண்டுபிடித்துவிடுவார்.

செந்தூல்அக்கா

லேபிளில் குழுவின் பெயர், முகவரி போட்டால் போதும், நம்பர் வேண்டாம். எங்களிடம் விதி இப்படி: தானாகத் தெரிந்தவருக்கு, ஃப்ளாட்டில், கோவிலில், சொந்தக்காரருக்கு விற்றால் குழுவுக்கு ஒன்றும் தர வேண்டாம். குழு மூலம் வந்தவருக்கு நேராக விற்றால் 5 சதவீதம் உண்டியலுக்கு. ஒழுங்காகக் கொடுக்கிறார்களா என்று கேட்காதீர்கள். பாதிப் பேர் கொடுக்கிறார்கள்.

சீட்டைக் கூட்டத்தில் காட்டாதீர்கள். தனியாகப் போய் முதலில் கணக்கைக் காட்டுங்கள். 12.88 எப்படி வந்தது என்று அவருக்கு இதுவரை யாரும் காட்டியிருக்க மாட்டார்கள்.

ஜெலுத்தோங்வாசி

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கூட்டம். கடைசி பத்து ஆர்டரை பழைய முறையிலும் புது முறையிலும் போட்டுத் தாளில் ஒட்டி வைத்திருந்தேன். பொடி அக்காவுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றதும் அவர் கவலை போய்விட்டது. ஊறுகாய் அக்காதான் 3 புள்ளியா என்று இழுத்தார். ஒரு போத்தலை அவர் கையாலேயே பபிள்ரேப் சுற்றி, மூடியில் டேப் போட்டு, பெட்டியில் வைக்கச் சொன்னோம். மகள் போனில் நேரம் பார்த்தாள், நான்கு நிமிடம். பொடிப் பாக்கெட்டுக்கு ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. அப்புறம் பேசவில்லை.

அடிப்படைப் புள்ளி 2 வைத்தோம், உண்டியல் கொடுக்கும். அதற்காக 5 சதவீதத்தை 7 ஆக்கியிருக்கிறோம், மூன்று மாதம் பார்ப்பதாகப் பேச்சு. பொடியை மூன்று பாக்கெட்டாகத்தான் ஏற்றியிருக்கிறேன். எனக்கு ஆர்டருக்கு 1 வெள்ளி என்றதும் எல்லாரும் சரி என்றார்கள், எனக்குத்தான் வாங்கக் கூச்சமாக இருந்தது. வாங்கிக்கொண்டேன். 214இல் ரீஃபண்ட் 151ஐ உண்டியல் மெல்லத் திருப்பித் தரும். வவுச்சர் 63 என் தப்பு, விட்டுவிட்டேன்.

முறுக்கைக் கண்ணை மூடித் தின்று பார்த்தோம். ஏழு பேரில் ஐந்து பேர் வித்தியாசம் சொல்லிவிட்டார்கள், ஒன்று கரகர, இன்னொன்று மொறுமொறு. ஆனால் இருவருமே இரண்டு பெயரில் போட ஒத்துக்கொள்ளவில்லை. இப்போதைக்கு டப்பா எண்ணிக்கை, அடியில் எழுத்து.

பேக்கிங் செவ்வாய், வெள்ளி மாலை ஐந்து மணிக்கு. முதல் வெள்ளி நான்கு பேர் வந்தார்கள், பை தைக்கிற அக்காவும் சேர்த்து. அவர் மட்டும் 46 புள்ளி, 11.50 வெள்ளி. அந்த வாரம் பையில் வந்ததைவிட அதிகம்.

சீட்டு எழுதிய அக்காவிடம் தனியாகப் பேசினேன். கணக்கைப் பார்த்தார், "சரி" என்றார், தோசை கொடுத்தார். நேற்று வெள்ளி பேக்கிங்கில் அவர் டப்பா மூன்றைத் திறந்து பார்த்தேன், இரண்டில் சீட்டு இல்லை.